ஒரே ஒருமுறை வரும் சொற்கள்

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலுக்கு 1937இல் ஒரு சொல்லடைவு வெளியானது. தொகுத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் மைல்ஸ் ஹான்லி. கணினி இல்லாத காலம் அது. நாவலில் மொத்தம் 2,60,430 சொற்கள் இருப்பதாகவும், திரும்பத் திரும்ப வருபவற்றை ஒன்றாக எண்ணினால் 29,899 வெவ்வேறு சொற்கள் தேறுவதாகவும் அந்த அடைவு காட்டியது. அந்த 29,899இல் 16,432 சொற்கள் நாவல் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் வருகின்றன. பாதிக்கும் மேல்!

ஜாய்ஸ் சொல்விளையாட்டில் தேர்ந்தவர், அதனால்தான் இப்படி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் செய்தித்தாள், கடிதம், பாடநூல் என எதை எண்ணினாலும் ஏறத்தாழ இதே நிலைதான். ஹார்வர்டு பல்கலைக்கழக மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் இந்த அடைவை எடுத்து, சொற்களை வருகை எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினார். அதிகம் வரும் சொல்லுக்கு முதல் இடம், அடுத்ததற்கு இரண்டாம் இடம், இப்படியே கடைசிவரை. பத்தாம் இடத்துச் சொல் 2,653 முறை வந்திருந்தது. நூறாம் இடத்துச் சொல் 265 முறை, ஆயிரமாவது 26 முறை, பத்தாயிரமாவது 2 முறை. இடம் பத்து மடங்கு பின்னால் போனால் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைகிறது. இடத்தையும் எண்ணிக்கையையும் பெருக்கினால் பெரும்பாலும் 26,000க்கு அருகிலேயே நிற்கிறது. ஜிப்ஃப் விதி என்பது இவ்வளவுதான். (ஜிப்ஃபுக்கு முன்பே பிரெஞ்சுச் சுருக்கெழுத்தாளர் எஸ்தூ இதைக் கவனித்திருந்தார். எந்தச் சொல் அதிகம் வரும் என்பது சுருக்கெழுத்துக்காரருக்குத் தொழில் சார்ந்த கேள்வி.)

இந்த ஒரு வரியிலிருந்தே இரண்டு முனைகளும் பிறக்கின்றன. முதலில் மேல்முனை. முதல் இடத்துச் சொல்லின் எண்ணிக்கையை 1 என்று வைத்தால், அடுத்தது 1/2, அதற்கடுத்தது 1/3. இப்படி 29,899 இடங்களையும் கூட்டினால் விடை சுமார் 10.9. முதல் நூறு இடங்களை மட்டும் கூட்டினாலே 5.2 வந்துவிடுகிறது. அதாவது, முப்பதாயிரம் சொற்களில் வெறும் நூறு சொற்கள் நூலின் கிட்டத்தட்ட பாதியை நிரப்பிவிடும்.

இனிக் கீழ்முனை. விதிப்படி, கடைசி இடத்துச் சொல் ஒருமுறை வந்தால், பட்டியலின் நடுவில் உள்ளது இரண்டுமுறை வரும். ஆகவே இரண்டுமுறையாவது வர வேண்டுமென்றால், ஒரு சொல் பட்டியலின் முதல் பாதிக்குள் இருந்தாக வேண்டும். மூன்றுமுறை வர, முதல் மூன்றில் ஒரு பங்குக்குள். ஆகவே ஒருமுறை மட்டும் வருபவை பட்டியலில் பாதி. இரண்டுமுறை மட்டும் வருபவை, பாதியில் மூன்றில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் ஆறில் ஒரு பங்கு. 29,899ஐ ஆறால் வகுத்தால் சுமார் 4,983. நாவலில் உண்மையில் இருப்பவை 4,776. இத்தனை எளிய கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஏன் இப்படி? பேசுபவர் ஒருசில சொற்களையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தப் பார்க்கிறார், கேட்பவருக்கோ ஒவ்வொரு பொருளுக்கும் தனிச்சொல் வேண்டும், இந்த இழுபறியின் விளைவே இது என்றார் ஜிப்ஃப். கேட்க அழகான விளக்கம். ஆனால் அதிலிருந்து அவரால் எண்களை வருவித்துக் காட்ட முடியவில்லை.

எண்களை வருவித்துக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், 1955இல். ஒரு நூல் சொல் சொல்லாக வளர்கிறது என்று கொள்வோம். அடுத்த சொல் சிறு நிகழ்தகவில் முற்றிலும் புதியது. இல்லையென்றால் ஏற்கெனவே எழுதிய பகுதியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு தொட்ட ஒரு சொல். நூறுமுறை வந்துவிட்ட சொல்லைத் தொடும் வாய்ப்பு, ஒருமுறை வந்ததைவிட நூறு மடங்கு. உள்ள சொல்லுக்கே மேலும் சேர்கிறது. அதே நேரம் புதிய சொற்களும் வந்துகொண்டே இருப்பதால், ஒருமுறை வந்தவற்றின் வரிசை வற்றுவதே இல்லை. 'யுலிசிஸ்' நாவலில் புதிய சொல்லின் வாய்ப்பு 29,899ஐ 2,60,430ஆல் வகுத்த அளவு, சுமார் 11.5 சதவீதம். இதைச் சைமனின் சூத்திரத்தில் இட்டால் ஒருமுறை வரும் சொற்கள் சுமார் 15,860 என்று வருகிறது. உண்மை எண்ணிக்கை 16,432. பாதி என்ற நம் முதல் கணக்கைவிட இது நெருக்கம்.

ஆனால் ஒரு சூத்திரம் பொருந்திவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது என்று ஆகாது. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1957இல் அதைக் காட்டினார். ஒரு குரங்கு தட்டச்சுப்பொறியில் கண்டபடி தட்டுகிறது, இடைவெளி விழும் இடத்தில் 'சொல்' முடிகிறது என்று கற்பனை செய்தால், அந்த அர்த்தமற்ற உரையும் ஏறக்குறைய இதே விதியைப் பின்பற்றும். நீளம் ஓர் எழுத்து கூடும்போது சாத்தியமான சொற்கள் பலமடங்கு பெருகுகின்றன, ஒவ்வொன்றின் வாய்ப்பும் அதே விகிதத்தில் சுருங்குகிறது. அவ்வளவுதான் காரணம். எனவே ஒரு புரியாத கையெழுத்துச் சுவடி ஜிப்ஃப் விதிக்குப் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து, அதில் மொழி இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வேறுபாட்டை வேறிடத்தில் தேட வேண்டும். குரங்கின் உரையில் ஒரே நீளமுள்ள சொற்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் வரும். மனித மொழியில் அப்படி இல்லை. 'ஒரு', 'எரு' இரண்டுக்கும் இரண்டே எழுத்து. தமிழில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எது அதிகம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

விதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பொருந்துவதும் இல்லை. ஏறத்தாழ பத்து லட்சம் ஆங்கிலச் சொற்களைக் கொண்ட பிரவுன் தொகுப்பில் முதலிடத்தில் உள்ள 'தி' 69,971 முறை வருகிறது, இரண்டாவதான 'ஆஃப்' 36,411 முறை. இது ஏறக்குறையப் பாதி. மூன்றாவதான 'அண்ட்' விதிப்படி சுமார் 23,300 முறை வர வேண்டும், வருவதோ 28,852 முறை. இந்த மேல்முனை வளைவைச் சரிசெய்யத்தான் கணிதவியலாளர் மண்டல்பிரோ இட எண்ணோடு ஒரு சிறு எண்ணைக் கூட்டிக்கொள்ளும் திருத்தத்தைக் கொண்டுவந்தார்.

எதைச் 'சொல்' என்று எண்ணுகிறோம் என்பதும் விடையை மாற்றும். ஆங்கிலத்தில் தனித்து நின்று பட்டியலின் தலையில் அமரும் பல சிறு சொற்களின் வேலையைத் தமிழில் உருபுகள் செய்கின்றன. அவை பெயரோடு ஒட்டிக்கொள்வதால் 'ஊரில்', 'ஊருக்கு', 'ஊரிலிருந்து', 'ஊரையும்' எல்லாம் இடைவெளியை வைத்து எண்ணும் நிரலுக்கு நான்கு வெவ்வேறு சொற்கள். அதனால் தமிழ் உரையில் பட்டியலின் தலை மெலிகிறது, ஒருமுறை வரும் வடிவங்களின் வால் நீள்கிறது. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுத் தமிழின் சொல்வளத்தை அளக்க முனைபவர்கள் முதலில் உருபுகளைப் பிரித்துவிட்டு எண்ண வேண்டும். இல்லையென்றால் அளப்பது சொல்வளத்தை அல்ல, இலக்கண அமைப்பை.

அந்த நீண்ட வாலுக்கு நேரடிப் பயனும் உண்டு. போர்க்காலத்தில் ஜெர்மானிய மறைகுறியீடுகளை உடைக்கும் பணியில் ஆலன் டூரிங் கண்ட ஒரு கணிப்பை, அவருடன் பணியாற்றிய ஐ. ஜே. குட் 1953இல் வெளியிட்டார். இதுவரை கண்ணில் படாத ஒன்று அடுத்து வருவதற்கான வாய்ப்பு, ஒருமுறை மட்டும் வந்தவற்றின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும். ஜாய்ஸ் அதே கையோடு இன்னொரு பக்கம் எழுதியிருந்தால்? 16,432ஐ 2,60,430ஆல் வகுத்தால் சுமார் 6.3 சதவீதம். ஏறத்தாழ இரண்டரை லட்சம் சொற்களைப் படித்து முடித்த பிறகும், அடுத்து வரும் ஒவ்வொரு பதினாறு சொற்களிலும் ஒன்று நாவலில் அதுவரை இல்லாத சொல்லாக இருந்திருக்கும்.