புள்ளி தெரிகிறதா?

மங்கலான ஆவணப் படம் ஒன்று வந்து சேர்ந்ததும், அதை எடிட்டரில் திறந்து கூர்மையாக்கும் பட்டனைத்தான் பலரும் முதலில் தேடுகிறார்கள். அதற்கு முன் படத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஏதாவது ஒரு மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியைப் பாருங்கள். தமிழ் அச்சில் மிகச் சிறிய உறுப்பு அதுதான். படத்துக்கு என்ன கோளாறு என்று அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும்.

எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் இழுபட்டுச் சிறு கோடுகளாகத் தெரிந்தால், படம் எடுத்தபோது கை ஆடியிருக்கிறது. நாலாபக்கமும் பரவி வெளிறிய வட்டங்களாகத் தெரிந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலவும் இடையிடையே சதுரங்கள் போலவும் தெரிந்தால், அது ஜேபெக் சுருக்கத்தின் வேலை. ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களை முதலில் கைவிடுகிறது. புள்ளியும் அந்த நுண்ணிய சமாச்சாரங்களில் ஒன்று.

ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். A4 அளவு, 12 பாயின்ட் அச்சு. தாளின் நீளம் ஏறக்குறைய 11.7 அங்குலம். நீளவாக்கில் 4000 பிக்சல் தரும் ஃபோன் கேமராவில் தாள் முழுச்சட்டத்தையும் நிறைத்தால், அங்குலத்துக்கு 340 பிக்சல் கிடைக்கும். அதில் 'ப' என்ற எழுத்து சுமார் 28 பிக்சல் உயரம் இருக்கும். புள்ளியின் விட்டம் ஐந்தாறு பிக்சல். இதே படம் சுருக்கப்பட்டு 1600 பிக்சல் நீளத்தில் வந்து சேர்ந்தால், 'ப' 11 பிக்சலாகிவிடும், புள்ளி வெறும் இரண்டு. படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் திருத்தக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளான டெசராக்டுக்கு எழுத்து 20 பிக்சலாவது உயரம் இருப்பது நல்லது. 10க்குப் பக்கத்தில் இறங்கினால் வெகுவாகத் தடுமாறும். அதனால் அனுப்பியவரிடம் மூலப் படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக மறுபடி அனுப்பச் சொல்வதுதான் முதல் வைத்தியம். எந்த வடிகட்டியும் இதற்கு ஈடாகாது.

மூலப் படம் கிடைக்கவில்லை, பத்திரமும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து கவனிக்க வேண்டியது நிழல். தாளுக்கு நேர் மேலே ஃபோனைப் பிடிக்கும்போது கையின் நிழல் பாதிப் பக்கத்தில் விழுகிறது. நம் கண் அதைப் பொருட்படுத்தாது. டெசராக்டோ படத்தைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்துத்தான் வரிகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கிறது. அதற்கு வழக்கமாகப் பயன்படுவது நொபுயுகி ஓட்சு 1979இல் வெளியிட்ட முறை. படம் முழுவதற்கும் ஒரே எல்லை எண்ணை அது தேர்ந்தெடுக்கும். அந்த எண்ணுக்குக் கீழே உள்ளதெல்லாம் மை, மேலே உள்ளதெல்லாம் தாள்.

இது எங்கே உடைகிறது என்று பாருங்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. வெளிச்சம் பட்ட இடத்தில் தாள் 220, மை 100. நிழலில் தாள் 95, மை 40. நிழலில் இருக்கும் வெறும் தாளே, வெளிச்சத்தில் இருக்கும் மையைவிடக் கறுப்பு! எல்லையை எங்கே வைத்தாலும், ஒன்று நிழல் பகுதி முழுக்கக் கறுத்துப்போகும், அல்லது வெளிச்சப் பகுதியில் எழுத்து அழிந்துபோகும்.

இதற்கு வகுத்தல்தான் தீர்வு. கேமராவுக்கு வந்து சேரும் ஒளி என்பது, தாளில் விழுந்த ஒளியை அந்த இடம் எவ்வளவு பங்கு திருப்பி அனுப்புகிறதோ அதால் பெருக்கிய தொகை. ஆகவே விழுந்த ஒளியால் வகுத்தால் மிஞ்சுவது தாளும் மையும் மட்டுமே. 100ஐ 220ஆல் வகுத்து 255ஆல் பெருக்கினால் 116. 40ஐ 95ஆல் வகுத்து அப்படியே செய்தால் 107. தாள் இரண்டு இடத்திலும் 255. இப்போது 180 என்று ஒரே எல்லை வைத்தாலும் எல்லா எழுத்தும் பிழைத்துக்கொள்ளும்.

விழுந்த ஒளியை எப்படி அறிவது? ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் உள்ள பகுதியில் மிக வெளிச்சமான மதிப்பை எடுத்தால் மெல்லிய எழுத்துகள் மறைந்து, தாளும் நிழலும் மட்டும் மிஞ்சும். படங்களைக் கையாளும் ஓபன்சிவி நிரலகம் இருந்தால் பைத்தானில் சில வரிகள் போதும்:

```python
import cv2
g = cv2.imread("deed.jpg", 0)
g = cv2.resize(g, None, fx=2, fy=2, interpolation=cv2.INTER_CUBIC)
k = cv2.getStructuringElement(cv2.MORPH_ELLIPSE, (61, 61))
bg = cv2.morphologyEx(g, cv2.MORPH_CLOSE, k)
bg = cv2.GaussianBlur(bg, (0, 0), 15)
out = cv2.divide(g, bg, scale=255)
cv2.imwrite("out.png", out)
```

இதில் 61 என்பது எழுத்துக் கோட்டின் தடிமனைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தடித்த தலைப்பெழுத்துகள் உள்ளே வெளிறிப்போனால் அதைக் கூட்டுங்கள். இரண்டு மடங்கு பெரிதாக்குவதால் புதிதாக எந்தத் தகவலும் சேர்ந்துவிடாது; 11 பிக்சல் எழுத்து 22 ஆகி, டெசராக்ட் பழகிய அளவுக்கு வரும், அதுதான் பலன்.

மேலே உள்ள நிரலில் இரைச்சல் நீக்கும் வரி எதுவும் இல்லை. வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. ஆங்கில ஆவணங்களுக்கு எழுதிய வழிகாட்டிகள் பலவற்றில் 3×3 மீடியன் வடிகட்டி வரும். அது ஒன்பது பிக்சல்களை அளவு வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளும். நம் சுருங்கிய படத்தில் புள்ளி 2×2, அதாவது நான்கு கறுப்புப் பிக்சல். எந்த ஒன்பதை எடுத்தாலும் அதில் கறுப்பு நான்குக்கு மேல் வராது. நடுவில் நிற்பது எப்போதும் வெள்ளைதான். படம் பளிச்சென்று ஆகும், அத்தனை புள்ளிகளும் துடைத்தெடுக்கப்பட்டிருக்கும். வடிகட்டி கட்டாயம் வேண்டுமென்றால் பெரிதாக்கிய பிறகு போடுங்கள், போட்டதும் புள்ளியைப் பாருங்கள்.

அப்புறம் எழுத்துணரியை ஓட்டலாம்:

```
tesseract out.png out -l tam --psm 6
grep -n 'ங[^்]' out.txt
```

முதல் வரியில் உள்ள 6, பக்கம் ஒரே பத்தித் தொகுதி என்று சொல்கிறது. இரண்டாவது வரி சோதனை. தமிழில் 'ங' கிட்டத்தட்ட எப்போதும் புள்ளியோடுதான் வரும். 'இங்ஙனம்', 'அங்ஙனம்' போன்றவை விலக்கு. எனவே 'வாஙகிய', 'பஙகு' என்று வரிகள் வந்து விழுந்தால், படத் தயாரிப்பில் புள்ளிகள் தொலைந்திருக்கின்றன என்று அர்த்தம். நிரலின் கடைசி வரிக்கு முன் `out = cv2.threshold(out, 180, 255, cv2.THRESH_BINARY)[1]` என்று சேர்த்து, 180 என்ற எல்லையைச் சற்றுக் கூட்டிப் பார்க்கலாம். ரொம்பக் கூட்டினால் தாளின் கறைகளும் புள்ளிகளாகிவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்காது. டெசராக்டின் 4ஆம் பதிப்பு முதல் உள்ளே இருக்கும் நரம்பு வலை, அடிக்கடி வரும் சொற்களில் தொலைந்த புள்ளியைச் சூழலை வைத்துத் தானே ஊகித்துப் போட்டுவிடவும் கூடும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், சர்வே எண் ஆகியவற்றில் ஊகிக்கச் சூழல் இல்லை. எண்களில் பிழை நடந்தாலும் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் வீட்டு வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் அறையை 14.13 என்று மாற்றிக் கொடுத்ததைக் கண்டுபிடித்தார். ஒன்றுபோல் தெரியும் துண்டுகளை ஒரே துண்டாக வைத்துச் சேமித்த சுருக்க முறைதான் காரணம். அச்சு அத்தனை தெளிவாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மங்கல் படத்தைத் தெளிவாக்கித் தரும் இன்றைய செயலிகளிலும் இதே ஆபத்து உண்டு. இரண்டு பிக்சலில் 3ஆ 8ஆ என்று தெரியாத இடத்தில், அழகான 8 ஒன்றை வரைந்துவிட முடியும்.

அதனால் பத்திரத்தில் உள்ள சர்வே எண், பரப்பளவு, நான்கெல்லை அளவுகள், தொகை ஆகியவற்றை மட்டும் கூர்மையாக்காத முதல் படத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். அங்கேயே தெரியாத இலக்கத்துக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டு, அந்தப் பக்கத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட வேண்டியதுதான்.