ரிட்டென்ஷன்: பிடித்தமா, நிறுத்திவைப்பா?

பாளையங்கோட்டைப் பக்கம் வீடு கட்ட எழுதும் ஒப்பந்தங்களில் ‘ரிட்டென்ஷன் 5%’ என்று ஒரு வரி இருக்கும்; கான்ட்ராக்டரின் ஒவ்வொரு பில்லிலும் அந்தப் பங்கை வீட்டுக்காரர் பிறகு கொடுப்பதற்காகக் கையில் வைத்துக்கொள்வார். அதைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘பிடித்தம்’ என்று போடுகிறார்கள். பிறகு வரும் பாதிச் சண்டைக்கு அந்த ஒரு சொல்லே காரணம்.

ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீன். ‘டெனேரே’ என்றால் பிடித்திருத்தல். முன்னால் ‘ரே’ சேர்ந்தால், போக விடாமல் பிடித்து வைத்திருத்தல். அந்தக் கணக்கில் ‘பிடித்தம்’ சரியான மொழிபெயர்ப்பு போலத்தான் தெரியும். ஆனால் நம் பேச்சில் சம்பளப் பிடித்தம், கடன் பிடித்தம் என்றால் கழித்துக்கொண்டது என்றே பொருள். வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் திரும்பி வருகிறதே என்று கேட்கலாம். அது சட்டம் இருப்பதால் வருகிறது. கட்டட வேலையில் எழுதி வைத்தால்தான் வரும்.

ரிட்டென்ஷன் என்பது கான்ட்ராக்டர் வேலை செய்து சம்பாதித்துவிட்ட பணம். குறை வந்தால் சரிசெய்ய அவர் திரும்பி வரவேண்டும் என்பதற்காக வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்திருக்கிறார். ஆகவே ‘நிறுத்திவைப்புத் தொகை’ என்பதே பொருந்தும். நிறுத்தி வைத்தது ஒரு நாள் விடுவிக்கப்படவேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

30 லட்ச ரூபாய் வீட்டை எடுத்துக்கொள்வோம். அடித்தளம், லின்டல், கான்கிரீட் தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக பில் வரும். 5 லட்ச ரூபாய் பில்லுக்கு 25,000 நிறுத்திவிட்டு 4,75,000 கொடுப்பார்கள். ஆறு பில் முடியும்போது 1,50,000 சேர்ந்திருக்கும். வீட்டை ஒப்படைத்த அன்று பாதி, அதன்பின் வரும் குறைகளை கான்ட்ராக்டரே சரிசெய்யவேண்டிய குறைதீர்ப்புக் காலம் முடிந்ததும் மீதி என்று விடுவிப்பது பொதுவான வழக்கம்.

அந்தக் குறைதீர்ப்புக் காலத்தில்தான் ஊர் கணக்கு வருகிறது. திருநெல்வேலிக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஜனவரியில் ஒப்படைத்து ஆறு மாதம் என்று எழுதினால், ஜூலையில் காலம் முடிந்துவிடும். மொட்டை மாடி ஒரு வடகிழக்குப் பருவமழையைக்கூடப் பார்த்திருக்காது. தட்டோட்டின் இணைப்பு வழியாக நீர் இறங்குவதும், பீமும் சுவரும் சேரும் இடத்து வெடிப்பில் ஈரம் கசிவதும் முதல் மழையில்தான் தெரியும். அதனால் 12 மாதம் என்று எழுதுவதே இரு தரப்புக்கும் நியாயம். முழு வருஷம் என்றால் ஒரு மழைக்காலமாவது உள்ளே வந்துவிடும்.

அடுத்த சிக்கல், இந்தப் பணத்தில் தாமதத்தைக் கழிப்பது. இதே ஒப்பந்தத்தில் தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒப்பந்தத் தொகையில் அரை சதவீதம், அதாவது 15,000 என்று இருக்கிறது. இதை ‘அபராதம்’ என்று எழுதாதீர்கள்; ‘தாமத இழப்பீடு’ என்று எழுதுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 74-இன்படி எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். கூடுதலாகக் கொடுத்த வீட்டு வாடகை போன்ற இழப்புக்கு ரசீது வைத்திருப்பது நல்லது.

வேலை பாதியில் வீட்டுக்காரர், “முன்னால ஒரு போர்டிகோ போட்ருங்க அண்ணாச்சி” என்கிறார். கான்ட்ராக்டரும் சரி என்கிறார். 2,40,000 செலவு, மூன்று வாரம் கூடுதல் வேலை. வீடு நான்கு வாரம் தாமதமாக முடிகிறது. எழுத்தில் எதுவும் இல்லாததால் வீட்டுக்காரர் 60,000 கழிக்கிறார். கான்ட்ராக்டர் போர்டிகோவுக்குப் பணம் கேட்கிறார். ஒப்படைத்த அன்று கைக்கு வரவேண்டிய 75,000-ஐ வைத்து இருவரும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

போர்டிகோ தொடங்கும் முன்பே ஒரு தாள் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால், என்ன வேலை, என்ன விலை, எத்தனை நாள் என்று மூன்றும் அதில் இருந்திருக்கும். 21 நாள் நீட்டிப்பு என்று இருந்தால் தாமதம் ஒரு வாரமாகக் குறைந்து, இழப்பீடு 15,000-ஆக நின்றிருக்கும். பலர் விலையை எழுதி நாளை விட்டுவிடுகிறார்கள். தகராறு அங்கேதான் முளைக்கிறது. போர்டிகோ பில்லிலும் 5% நிறுத்தினால் 12,000 சேர்ந்து, நிறுத்திவைப்பு 1,62,000 ஆகும். ஒப்படைக்கும்போது 81,000 விடுவிக்கவேண்டும். அதில் தாமத இழப்பீட்டைக் கழிக்கலாமா என்பதையும் முன்பே சொல்லிவிடவேண்டும்.

அந்தத் தாளை ‘வேரியேஷன் ஆர்டர்’ என்பார்கள். ‘மாறுதல் ஆணை’ என்று எழுதினால் ஆசிரியர் இடமாற்றம் போல ஒலிக்கும். ‘வேறுபாட்டு ஆணை’ யாருக்கும் புரியாது. ‘வேலை மாற்ற உத்தரவு’ என்றால் கொத்தனாருக்கும் விளங்கும்.

ஒப்பந்தத்தில் இப்படி எழுதலாம்: “ஒவ்வொரு பில்லிலும் 5% நிறுத்திவைக்கப்படும். ஒப்படைத்த நாளில் பாதியும், அதிலிருந்து 12 மாதம் முடிந்த 15 நாளுக்குள் மீதியும் விடுவிக்கப்படும். எழுத்தில் தெரிவித்து, கான்ட்ராக்டர் 15 நாளில் சரிசெய்யாத குறைகளின் செலவைத் தவிர வேறெதையும் இதில் கழிக்கக்கூடாது.”