பங்கு இருந்தும் நிர்வாகத்திலிருந்து ஒதுக்கப்பட்டவர் தீர்ப்பாயத்தில் மனு செய்வது

வேலூர், ஆம்பூர் பகுதித் தோல் நிறுவனங்களில் பல, அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள். அங்கு குறைந்த பங்கு வைத்திருக்கும் சிறுபான்மைப் பங்குதாரர் ஒடுக்கப்பட்டால், 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 241ஆம் பிரிவின்கீழ் மனு செய்யலாம். மனு வேலூர் சிவில் நீதிமன்றத்துக்கு அல்ல, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குச் செல்ல வேண்டும்.

பேரணாம்பட்டில் 10 லட்சம் பங்குகளும் ஐந்து உறுப்பினர்களும் கொண்ட ஒரு தோல் பதனிடும் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இயக்குநரான தம்பியிடம் 3 லட்சம் பங்குகள், அதாவது 30 சதவீதம். தகராறுக்குப் பின் அவருக்கு இயக்குநர் கூட்ட அறிவிப்புகள் வருவது நின்றுவிடுகிறது. பன்னிரண்டு மாதங்களில் நடந்த எந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை, ஆகவே 167ஆம் பிரிவின்படி பதவி காலியாகிவிட்டது என்று அண்ணன்மார் கம்பெனிப் பதிவாளரிடம் DIR-12 படிவம் தாக்கல் செய்கிறார்கள். இதற்கிடையே 30 லட்சம் புதிய பங்குகளைத் தங்கள் பெயரிலேயே ஒதுக்கிக்கொள்ள, தம்பியின் பங்கு 7.5 சதவீதமாகச் சுருங்குகிறது.

பத்து சதவீதத்துக்குக் கீழே போனதால் மனு செய்ய முடியாது என்று பலர் அஞ்சுவது தேவையற்றது. பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு இருப்பது ஒரு வழி. மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் சேர்ந்து வருவது மற்றொரு வழி. ஐந்து பேரில் ஒருவரே அந்த அளவைத் தாண்டிவிடுகிறார். இரண்டும் அமையாவிட்டாலும், 244ஆம் பிரிவின்கீழ் விலக்குக் கேட்கலாம்.

மனுவின் உயிர் அதில் சொல்லும் நிகழ்வுகளில் இருக்கிறது. “என்னை ஒதுக்கிவிட்டார்கள்” என்று மட்டும் எழுதினால் நிற்காது. இயக்குநர் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக எழுத்துமூலம் அறிவிப்புத் தரப்பட வேண்டும் என்பதால், எந்தத் தேதிக் கூட்டத்துக்கு அறிவிப்பு வரவில்லை என்று குறிப்பிட்டு, அனுப்பிய அஞ்சல் ரசீதையோ மின்னஞ்சலையோ காட்டுமாறு கேட்க வேண்டும். அறிவிப்பே அனுப்பாதவர்கள், வராததைக் காரணம் காட்டிப் பதவியைப் பறிப்பது நியாயமல்ல. புதிய பங்குகளை இருப்பவர்களுக்கு அவரவர் விகிதத்தில் முதலில் வழங்கும் 62ஆம் பிரிவின் கடிதம் தமக்கு வந்ததா, அந்தப் பணம் கம்பெனிக்குத் தேவைப்பட்டதா என்பதையும் எழுத வேண்டும். ஒதுக்கீட்டைக் காட்டும் PAS-3 படிவத்தைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பார்த்து, நகல் எடுத்து இணைக்கலாம்.

இயக்குநர் பதவி போனது மட்டுமே ஒடுக்குமுறை ஆகாது என்பதை, சைரஸ் மிஸ்திரி நீக்கம் தொடர்பான டாடா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவாக்கியது. ஆனால் கட்டுப்பாட்டைக் கைப்பற்றவே இயக்குநர் தமக்குப் பங்கு ஒதுக்கிக்கொண்டதை, டேல் அண்ட் கேரிங்டன் வழக்கில் அதே நீதிமன்றம் 2004இல் ஏற்கவில்லை. ஆகவே மனுவில் பங்கு ஒதுக்கீட்டை முன்னே வைப்பதே சரி என்பது என் கருத்து.

ஒதுக்கீட்டை ரத்து செய்யவும், மனுதாரரின் பங்கை நியாயமான மதிப்பில் மற்றவர்கள் வாங்கிக்கொள்ளவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். விசாரணை முடியும்வரை ஆலை நிலத்தை விற்கவோ மேலும் பங்கு ஒதுக்கவோ கூடாது என்ற இடைக்கால உத்தரவை மனுவுடனேயே கேட்க வேண்டும்.