காலனி கவுண்ட் – திரள் எண்ணிக்கை

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரும் 'காலனி' லத்தீன் 'கொலோனியா'விலிருந்து வந்தது. அதற்கு முன்னால் 'கொலோனுஸ்', நிலத்தை உழுது குடியிருப்பவன். ஆய்வகத் தட்டில் ஒரு பாக்டீரியா விழுந்த இடத்திலேயே பெருகி, மறுநாள் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிவிடும். அந்தப் புள்ளிதான் காலனி. 'குடியிருப்பு' என்றால் வீட்டு மனை ஞாபகம்தான் வரும், அதனால் நான் 'திரள்' என்பேன். காலனி கவுண்ட் என்பது திரள் எண்ணிக்கை, மிட்ஸ்ட்ரீம் என்பது நடுத்தாரை.

இந்த எண் எதற்கு? சிறுநீர்ப்பையில் தொற்று இருந்தால், தேங்கி நிற்கும் சிறுநீரில் கிருமி மணிக்கணக்கில் பெருகியிருக்கும். தோலிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் இருப்பவை சிறுநீர் கழிக்கும் அந்த நொடியில்தான் ஒட்டிக்கொண்டு வருகின்றன, அதனால் குறைவாக இருக்கும். முதல் தாரையை விட்டுவிட்டு நடுவில் பிடிக்கச் சொல்வதும் அவற்றைக் கழுவி வெளியேற்றத்தான்.

ஆய்வகத்தில் ஒரு மைக்ரோலிட்டர் மட்டுமே அள்ளும் கம்பி வளையத்தால் சிறுநீரைத் தொட்டுத் தட்டில் இழுத்துவிட்டு, சுமார் 37 டிகிரியில் ஓர் இரவு வைப்பார்கள். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் மைக்ரோலிட்டர் என்பதால் ஒரு திரளுக்கு 1,000 என்று கணக்கு. தட்டில் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் திரள்கள் ஒரே மாதிரியாக 140 இருந்தால் மில்லிக்கு 1,40,000; பெரும்பாலும் உண்மைத் தொற்று. மூன்று நான்கு வகைகள் கலந்து எட்டுப் பத்துத் திரள்கள் என்றால் வெளியிலிருந்து கலந்தது, மாதிரியை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

தொற்றுக்கு எல்லைக்கோடாகச் சொல்லப்படும் மில்லிக்கு 1,00,000 என்ற எண் 1950-களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. சிறுநீரகத் தொற்று உள்ளவர்களையும் அறிகுறியே இல்லாதவர்களையும் வைத்துப் பிறந்த எண் அது. எரிச்சலோடு அடிக்கடி ஓடும் பெண்ணுக்கு அதை அப்படியே மாட்டினால் தப்பாகப் போகும், ஏனென்றால் பை அடிக்கடி காலியாவதால் கிருமி சேர நேரமே கிடைப்பதில்லை. 1982-இல் ஸ்டாம் குழுவினர் அப்படிப்பட்ட பெண்களிடம் மில்லிக்கு 100 ஈ.கோலை வகைக் கிருமி இருந்தாலே பொருட்படுத்த வேண்டும் என்று காட்டினார்கள். ஆனால் ஒரு மைக்ரோலிட்டர் வளையத்தால் 100-ஐப் பிடிக்க முடியாது, அதற்குப் பெரிய வளையம் வேண்டும்! அப்புறம், ஏற்கெனவே ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தாலும் எண் சரியும்.

தலைகீழாகவும் நடக்கும். காலையில் வீட்டில் பிடித்த சிறுநீர் வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்து மதியம் ஆய்வகம் போகிறது என்று வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமி மில்லிக்கு 1,000 இருந்தால், பெருகத் தொடங்கிய மூன்றரை மணி நேரத்தில் 1,28,000 ஆகிவிடும். வெறும் கலப்படம் தொற்று வேஷம் போட்டுவிடும். அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் பார்க்காமல், எத்தனை வகைக் கிருமி, சீழணுக்கள் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.