ஆர்டர் ஒன்று, பில் ஏன் ரெண்டு?

"தம்பி, போட்டது ஒரே ஆர்டர். பில் ரெண்டு வந்திருக்கு. ரெண்டு தடவை காசு கேக்கறீங்களா?"

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் போன வாரம் இப்படித்தான் ஆரம்பித்தார். எங்கள் பில்லிங் பிரிவுக்கு இந்தக் கேள்வி வராத நாள் குறைவு.

அவர் கேட்டது 12,000 ரூபாய் பிரிண்டரும் 8,000 ரூபாய் யுபிஎஸ்ஸும். பிரிண்டர் கோவை குடோனில் இருந்தது. யுபிஎஸ் பெங்களூரில்தான் இருந்தது. சரக்கு குடோனை விட்டுக் கிளம்பும்போதே பில் போட்டாக வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். தவிர, ஒரே கம்பெனியாக இருந்தாலும் மாநிலத்துக்கு மாநிலம் பதிவு தனி. அதனால் கோவை குடோன் பில்லில் பெங்களூர் சரக்கை ஏற்ற எங்களுக்கு வழியே இல்லை.

"அண்ணா, ரெண்டு பில்லையும் பக்கத்துல வச்சுக்கங்க. எங்க ஜி.எஸ்.டி. நம்பர்ல முதல் ரெண்டு எண் என்ன?"

"ஒண்ணுல 33. இன்னொண்ணுல 29."

33 தமிழ்நாடு, 29 கர்நாடகா. வரியும் அதன்படிதான் பிரியும். கோவை பில்லில் சி.ஜி.எஸ்.டி. 9%, எஸ்.ஜி.எஸ்.டி. 9%. பெங்களூர் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. 18% மட்டும். மொத்த வரி விகிதம் ஒன்றுதான்.

அவரைக் குழப்பியது உண்மையில் தள்ளுபடி. 1,000 ரூபாய் கூப்பனை எங்கள் சிஸ்டம் பொருளின் விலைக்கேற்ப 600, 400 என்று பிரித்துவிட்டது. வரியோடு ஒரு பில் 13,452 ரூபாய், மற்றது 8,968. இரண்டையும் கூட்டச் சொன்னேன். 22,420. ஆர்டர் போட்டபோது அவர் கட்டியதும் அதே தொகை. "அட, சரியாத்தான் இருக்கு" என்றார்.

இரண்டு பில்லிலும் ஒரே பொருள் இருந்தால் கதை வேறு. அது நிஜமாகவே எங்கள் தவறு, உடனே சொல்லுங்கள்.

அதோடு போனை வைக்க மனம் வரவில்லை, அவரிடம் இன்னொன்றும் கேட்டேன்: "கணக்குப் பிள்ளை ரெண்டையும் ஏத்திட்டாரா?" ஆர்டர் எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, இரண்டாவது பில்லை நகல் என்று ஒதுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒதுக்கினால் பெங்களூர் பில்லில் உள்ள 1,368 ரூபாய் வரிக் கிரெடிட் கைவிட்டுப் போகும். சிலர் இரண்டையும் எங்களுடைய ஒரே ஜி.எஸ்.டி. எண்ணில் ஏற்றுவார்கள். அப்போது, அவர்கள் வாங்கிய பில்களை ஜி.எஸ்.டி. தளம் காட்டும் GSTR-2B பட்டியலோடு கணக்கு ஒத்துப்போகாது. டாலியில் எங்கள் பெயரில் இரண்டு லெட்ஜர் திறந்து, கோவை எண் ஒன்றிலும் பெங்களூர் எண் மற்றதிலும் வையுங்கள் என்றேன்.

யுபிஎஸ்ஸைத் திருப்ப நேர்ந்தால் பெங்களூர் பில் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். கிரெடிட் நோட் அந்தப் பில்லுக்கு எதிராகத்தான் வரும்.