அந்தக் கணினி இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு அனுப்பும்?

பதினெட்டுக் கணினிகள் கொண்ட ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தின் வலையமைப்பைச் சில காலம் நான் கவனித்து வந்தேன். அங்கே இணைய இணைப்பின் மொத்தப் பயன்பாட்டைக் காட்டும் வரைபடம் ஏற்கெனவே இருந்தது. அதில் சந்தேகப்படும்படியாக எதுவும் தென்படவில்லை. எந்த முகவரியிலிருந்து எங்கே, எப்போது, எவ்வளவு சென்றது என்று ரவுட்டர் குறித்து அனுப்பும் நெட்ஃப்ளோ பதிவுகளை ஒரு பழைய கணினியில் சேகரித்து, 28 நாள்கள் கழித்து, முகவரி வாரியாகவும் மணி வாரியாகவும் கணக்கிட்டபோதுதான் 192.168.1.34 கண்ணில் பட்டது. வழக்கமாக இரவு 2 முதல் 3 மணிக்குள் சுமார் 2 எம்பி மட்டுமே வெளியே அனுப்பும் அந்தக் கணினி, ஒன்பது இரவுகளில் அதே நேரத்தில் ஏறத்தாழ 180 எம்பி அனுப்பியிருந்தது.

மணிக்கு 180 எம்பி என்பது நொடிக்கு 0.4 மெகாபிட் மட்டுமே. 50 மெகாபிட் இணைப்பின் மொத்த வரைபடத்தில் அது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது என்பதால், கோடு நிமிர்ந்து பார்ப்பதற்கே வழியில்லை. ஆகவே, ஒரு முகவரியை அலுவலகத்தின் மொத்தத்தோடு ஒப்பிடாமல், அதே முகவரியின் அதே மணி நேரத்து வழக்கத்தோடு ஒப்பிட வேண்டும்.

அந்த வழக்கத்தைச் சராசரியால் அளந்திருந்தால் நானும் ஏமாந்திருப்பேன். 19 இரவுகளில் 2 எம்பி, 9 இரவுகளில் 180 எம்பி என்றால் சராசரி 59 எம்பி ஆகிறது; அதன் ஐந்து மடங்கைத் தாண்டினால் எச்சரிக்கை என்று வைத்தால் எல்லை 296 எம்பி, பின்னர் தரவுத் திருட்டு என்று தெரியவந்த அந்த 180 எம்பி அதற்குள்ளேயே அடங்கிவிடும். எல்லா இரவுகளின் அளவுகளையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுக்கும் இடைநிலை அளவோ 2 எம்பியாகவே இருந்தது. அதன் ஐந்து மடங்கு அல்லது 50 எம்பி, இவற்றில் எது பெரிதோ அதை எல்லையாக வைத்தேன். அடித்தளமாக 50 எம்பி இல்லாவிட்டால், சும்மா கிடக்கும் கணினி ஒரு சிறு கோப்பை அனுப்பினாலும் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். ஆனால் திருட்டு 28 இரவுகளில் 15 இரவுகளிலோ அதற்கு மேலோ நடந்திருந்தால் இடைநிலையே 180 ஆகியிருக்கும். அதனால் கணக்கிடத் தொடங்கும் முன், அதிகம் அனுப்பும் ஐந்து முகவரிகளுக்கேனும் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

```
nfdump -R /var/netflow -s srcip/bytes -n 20 \
 'src net 192.168.1.0/24 and not dst net 192.168.1.0/24'
```

நெட்ஃப்ளோ பதிவுகளைப் படிக்கும் nfdump கருவிக்கான இந்தக் கட்டளை, வெளியே செல்வதை மட்டும் முகவரி வாரியாகக் கூட்டித் தரும். ரவுட்டரின் உள்பக்கத்தில் அளந்தால்தான் இது பயன்படும். வெளிப்பக்கத்தில் அளந்தால் பதினெட்டுக் கணினிகளும் ஒரே முகவரியாகத் தெரியும். கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி ஒவ்வொரு கணினிக்கும் நிலையான முகவரியே தரும்படி ஒதுக்கிவைப்பதும் தேவை, இல்லையேல் நேற்றைய 34 இன்று வேறொருவரின் மடிக்கணினியாக இருக்கும். நீண்ட இணைப்புகளைப் பல ரவுட்டர்கள் அரை மணிக்கு ஒருமுறைதான் பதிவு செய்கின்றன; அந்த இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைக்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்குரிய அளவு அடுத்த மணிக்குள் போய் விழும்.

ஏராளமான சிறு பாக்கெட்டுகளை அனுப்பித் திணறடிக்கும் வெள்ளத் தாக்குதலைக் கண்டறிய, இதே கட்டளையில் `srcip/bytes` என்பதை `srcip/packets` என்று மாற்ற வேண்டும். தீநிரல் புகுந்த சிசிடிவி பதிவுப்பெட்டி ஒன்று நொடிக்கு 5,000 பாக்கெட்டுகளை, ஒவ்வொன்றும் 40 பைட் என்ற அளவில், வெளியே அனுப்பினால் அது 1.6 மெகாபிட் மட்டுமே. ஆனாலும் ரவுட்டரின் இணைப்பு அட்டவணை நிரம்பி, அலுவலகம் முழுவதும் இணையம் ஊர்ந்து செல்லும். ‘நெட் ஸ்லோ’ என்று வரும் புகாருக்கு இணைய நிறுவனத்தைத் திட்டும் முன் பாக்கெட் எண்ணிக்கையைப் பார்ப்பது நல்லது.

இனி 34-க்கு வருவோம். இரவு நேர பேக்கப்பாக இருக்கலாம் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் பேக்கப் செல்லும் சேமிப்பக முகவரி எனக்குத் தெரியும், இது சென்றது 443-ஆம் போர்ட்டில் அறிமுகமில்லாத ஒரே முகவரிக்கு. நினைவகத்தில் உள்ள தடயம் அழியாதிருக்க, கணினியை அணைக்காமல் வலைக்கம்பியை மட்டும் பிடுங்கினோம். யாரும் நிறுவியதாகச் சொல்லாத ஒரு தொலை இயக்க மென்பொருளும், இரவு 1 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு நிற்கும்படி அட்டவணையிட்ட ஒரு கோப்பு நகலெடுப்பும் அதில் இருந்தன. ஒன்பது இரவுகள், தலா நான்கு மணி நேரம்: ஏறத்தாழ 6.5 ஜிபி. எந்த வாடிக்கையாளரின் கோப்புகள் போயின என்பதை நெட்ஃப்ளோ சொல்லாது. அளவையும் நேரத்தையும் சேருமிடத்தையும்தான் சொல்லும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் வெளியிட்ட ஆணைப்படி, கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மூன்று விவரங்களையும் வைத்துத்தான் அன்று அதை நிரப்பினோம்.