வாடகை வீட்டில் வாரக்கணக்கில் தங்கும் விருந்தாளிகள்: குடித்தனக்காரருக்குக் கடிதம் எழுதும் முறை

குடித்தனக்காரர் வீட்டுக்கு வரும் விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்று சட்டத்தில் நாள் கணக்கு எதுவும் இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலும் கிடையாது. "15 நாளுக்கு மேல் தங்கினால் சட்டப்படி காலி செய்ய வைக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாள் வரம்பு வேண்டுமென்றால் அது உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பலருக்கு முதல் அடி இங்கேதான் விழுகிறது. 11 மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவு தேவையில்லை என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அது பொருந்தும். புதிய வாடகைச் சட்டத்துக்குப் பொருந்தாது. எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கான தளம் tenancy.tn.gov.in. முத்திரைத்தாளை வாங்கித் தட்டச்சு செய்து தருபவர் இதைச் சொல்வதில்லை. பிறகு வழக்கு என்று வரும்போது, பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வதிலேயே சிக்கல் வருகிறது.

இரண்டாவது அடி, "உள்வாடகை" என்ற சொல். கோபத்தில் முதல் கடிதத்திலேயே "நீங்கள் உள்வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ இன்னொருவர் கைக்கு மாற்றுவது காலி செய்ய வைக்கும் காரணம்தான். ஆனால் அதற்கு, அந்த இடம் குடித்தனக்காரர் பிடியிலிருந்து விலகி, வேறொருவரின் தனிப் பிடிக்குப் போயிருக்க வேண்டும். குடித்தனக்காரரும் அதே வீட்டில் இருக்கிறார், அவருடைய தம்பி கூடத்தில் படுத்துக்கொள்கிறார் என்றால் அது உள்வாடகை ஆகாது. நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டை எழுதினால் உறவும் கெடும், நாளைக்கு நீதிமன்றத்தில் உங்கள் மற்ற வார்த்தைகளின் மதிப்பும் குறையும்.

அப்படியானால் எதைப் பிடித்து எழுதுவது? கண்ணுக்குத் தெரியும் சுமையை. சென்னையில் கீழ்த்தளத்தில் உரிமையாளர் குடும்பம் மூன்று பேர், மாடியில் குடித்தனம் நான்கு பேர், இருவருக்கும் பொதுவாக 1,000 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். ஏழு பேருக்கு 945 லிட்டர். ஒரு முறை மோட்டார் போட்டால் நாள் ஓடிவிடும். ஊரிலிருந்து தம்பியும் அவர் நண்பரும் வந்து ஆறு வாரமாகத் தங்கியிருக்கிறார்கள். இப்போது ஒன்பது பேர், 1,215 லிட்டர். மாலையில் குழாயில் காற்று வருகிறது, மோட்டார் இரண்டு முறை ஓடுகிறது, லாரித் தண்ணீர் முன்கூட்டியே தீர்கிறது. "உங்கள் ஆட்கள் அதிகம்" என்பதைவிட இந்தக் கணக்கு நன்றாகப் பேசும். யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

கடிதத்துக்கு முன் ஒரு முறை நேரில் கேளுங்கள். மகளின் பிரசவத்துக்கு வந்த அம்மாவும், ஆஸ்பத்திரிக்காக வந்த அப்பாவும் ஆறு வாரம் தங்குவது நம் வீடுகளில் நடப்பதுதான். அவர்களைக் கிளம்பச் சொல்லிக் கடிதம் எழுதுவது நியாயமில்லை. கிளம்பும் தேதியைத் தெரிந்துகொண்டால் போதும். வேலை தேட வந்தவர், தேதி சொல்லாதவர் என்றால்தான் எழுத்து வேண்டும். அது இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள திரு. ______ அவர்களுக்கு, வணக்கம். உங்கள் தம்பியும் அவர் நண்பரும் சென்ற மாதம் 1-ஆம் தேதி முதல் நம் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறார்கள். உறவினர் வந்து போவதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. நம் ஒப்பந்தம் நான்கு பேருக்கானது. பொதுத் தொட்டித் தண்ணீர் ஒன்பது பேருக்குப் போதாமல் மாலையில் இரு வீட்டுக்கும் சிரமமாகிறது. ஒப்பந்தத்தின் 7-ஆவது பத்தியின்படி விருந்தினர் தொடர்ந்து 15 நாள் வரை தங்கலாம். எனவே இம்மாதம் 30-ஆம் தேதிக்குள் அவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அவர்களில் யாராவது நிலையாக உங்களுடன் இருக்கப்போகிறார் என்றால், அந்தத் தேதிக்குள் சொல்லுங்கள். பேசி, ஒப்பந்தத்தில் பெயர் சேர்ப்பது பற்றி முடிவெடுக்கலாம்."

இதில் மிரட்டல் இல்லை. ஆனால் யார், எந்தத் தேதி முதல், ஒப்பந்தத்தில் எந்தப் பத்தி, எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பத்தியே இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு வேண்டுகோளாக மட்டும் எழுதுங்கள். ஒருவர் மட்டும் எழுதும் கடிதத்தால் புதிய நிபந்தனை உருவாகாது. புதுப்பிக்கும்போது இருவரும் கையெழுத்திட்டுச் சேர்க்க வேண்டும். "தலைக்கு ஆயிரம் கூடுதல் வாடகை" என்பதும் அப்படித்தான், ஒப்பந்தத்தில் இல்லாமல் கேட்க முடியாது.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபால். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் வெறுமனே ஸ்பீடு போஸ்ட் என்று சொல்லாமல், பதிவும் சேர்ந்தது என்றும், சேர்ந்ததற்கான ஒப்புகை வேண்டும் என்றும் சொல்லிக் கேளுங்கள். ரசீதைக் கடிதத்தின் பிரதியோடு பின் செய்து வையுங்கள். இந்த மென்மையான கடிதத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. வீட்டைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று வழக்குப் போட வேண்டுமானால், நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் அது தொடர்ந்திருக்க வேண்டும் என்று வாடகைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டுக்குச் சேதம், பொதுத் தொல்லை, கூடுதல் இடத்தை ஆக்கிரமிப்பது போன்றவை அதில் அடங்கும். ஆள் அதிகமாக இருக்கிறார்கள் என்பது மட்டும் போதாது. சேதம் இருந்தால் கடிதத்தில் தனியாக எழுதி, தேதி தெரியும் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை அடைக்கவோ மின்சாரத்தைத் துண்டிக்கவோ கூடாது. அத்தியாவசிய சேவையை நிறுத்தினால் குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் போவார், அதன் பிறகு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். விருந்தாளியின் ஜிபே கணக்கிலிருந்து வாடகை வாங்காதீர்கள். வீட்டில் அவர் இருப்பதற்கு நீங்கள் சம்மதித்ததாக அது காட்டப்படும். ஆதார் முகவரி மாற்றம், கேஸ் இணைப்பு என்று அவர் பெயரில் கையெழுத்துக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

தேதி கடந்தும் மாற்றமில்லை என்றால், முதல் கடிதத்தைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதத்தை வழக்கறிஞர் மூலம் அனுப்புங்கள். காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள். இதில் அவர்கள் சொல்வது சரிதான். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் அது மேஜை மேஜையாக நகர்ந்து, "உரிய நீதிமன்றத்தை அணுகவும்" என்ற ஒரு வரியோடு வயதானவர்களை மறுபடி அலையவிடும். வாடகை அதிகாரி ஒப்பந்தப் பதிவு, வாடகைத் திருத்தம், சேவைத் துண்டிப்பு போன்றவற்றைத்தான் பார்ப்பார். காலி செய்ய உத்தரவிடுவது வாடகை நீதிமன்றம். சென்னையில் அது சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இருக்கிறது. அங்கே போகும்போது பதிவு செய்த ஒப்பந்தம், இரண்டு கடிதங்களின் பிரதிகள், தபால் ரசீதும் ஒப்புகையும், வாடகை வந்த வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள்.